பத்து மீட்டர்

எங்கள் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுக்கு நான் எழுதிய ரயில் கணக்கில், இரண்டாவது ரயிலின் நீளத்தை முதலில் 200 மீட்டர் என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் அதை அடித்துவிட்டு 210 ஆக்கினேன். மூன்று மாதமாக மனதில் ஓடிக்கொண்டே இருப்பது அந்தப் பத்து மீட்டர்தான்.

கேள்வி இது: 150 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்திலும், 210 மீட்டர் நீளமுள்ள இன்னொரு ரயில் 36 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே வருகின்றன. ஒன்றையொன்று முழுவதுமாகக் கடக்க எத்தனை வினாடி ஆகும்? விடைகள் 4, 8.4, 14.4, 72.

எதிரெதிரே வருவதால் வேகங்களைக் கூட்டவேண்டும், 90 கி.மீ. அதை 5/18 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 25 மீட்டர். நீளங்களைக் கூட்டினால் 360 மீட்டர். 360ஐ 25 ஆல் வகுத்தால் 14.4 வினாடி. மற்ற மூன்றும் வாய்க்கு வந்த எண்கள் இல்லை. வேகங்களைக் கழித்தவருக்கு 72 வரும். இரண்டாவது ரயிலின் நீளத்தை மட்டும் எடுத்தவருக்கு 8.4 வரும். எல்லாவற்றையும் சரியாகச் செய்து, அலகை மட்டும் மாற்ற மறந்து 360ஐ 90 ஆல் வகுத்தவருக்கு 4 வரும். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையிலிருந்து பிறக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவன். அப்போதுதான் மாணவர் எங்கே சறுக்கினார் என்று தெரியும். அதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் 200 மீட்டராகவே விட்டிருந்தால் மொத்த நீளம் 350. சரியான விடை 14 வினாடி, முழு எண். அலகை மறந்தவருக்கு 350ஐ 90 ஆல் வகுத்து 3.89 என்று வந்திருக்கும். வகுத்தலே இழுக்கும்போது கை தானாக நின்று, எங்கோ தப்பு என்று யோசிக்கும். 210 ஆக்கியதும் நிலைமை தலைகீழானது. பிழை அழகான முழு எண்ணாக வந்தது, சரியான விடை தசமமாகிவிட்டது. மாற்றியபோது எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மாற்றினேன்.

அந்தக் கேள்விக்கு 4 போட்ட ஒரு பெண், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர். மாதிரித் தேர்வில் 65 சரி, 16 தவறு. ரயில்வே தேர்வு முறைப்படி ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 59.67. எங்கள் மையத்தில் 60 எடுத்தவர்களுக்குத்தான் ஞாயிறு சிறப்பு வகுப்பு. அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால்கூட அவருக்குச் சரியாக 60 வந்திருக்கும்.

ரஃப் தாளோடு வந்து நின்றார். 150+210=360, 54+36=90, 360/90=4. கோடு போட்ட மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று. 4ஐச் சுற்றி ஒரு வட்டம், பேனாவை அழுத்திப் போட்டது தாளின் பின்பக்கம் வரை தெரிந்தது.

"அலகை மாத்தலையேம்மா" என்றேன்.

"இப்பத் தெரியுது சார். ஆனா 4 அங்க இல்லாம இருந்திருந்தா நானே திரும்பிப் பாத்திருப்பேன்."

"தேர்வுல இருக்கும்மா. அதுக்குத்தானே பழக்குறோம்."

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "பட்டறையில கிராமையும் மில்லிகிராமையும் ஒருநாளும் மாத்தி எழுதினதில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அலகுப் பிழையில் வரும் எண் விடைகளில் இருப்பது போட்டித் தேர்வுகளில் சாதாரணம். 90 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 வினாடி. அந்த அவசரத்தில் கணக்கு போட்டதும் கண் விடைகளுக்குத்தான் ஓடும், நம் எண் அங்கே இருந்தால் மனம் அமைதியாகிவிடும். அதைப் பழக்காமல் அனுப்புவது துரோகம். மீதி 15 தவறுகளுக்கும் நானா பொறுப்பு? இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் அவர் சொன்னதில் இருந்த நியாயம் வேறு. சார்பு வேகத்துக்கு இரண்டு வேகத்தையும் கூட்டவேண்டும், இரண்டு நீளத்தையும் சேர்க்கவேண்டும் என்ற இரண்டு கடினமான படிகளையும் அவர் சரியாகத் தாண்டியிருந்தார். ஒன்றுமே தெரியாமல் 72ஐக் கறுப்படித்தவருக்கும் அதே கழிவு. பிழையைக் கண்டுபிடிக்கத்தான் 4ஐ வைத்தேன் என்று சொல்கிறேனே, கண்டுபிடித்தேனா? மதிப்பெண் பட்டியலை ஒட்டினேன், அவ்வளவுதான். யார் யார் 4 போட்டார்கள் என்று அவர் வந்து நிற்கும்வரை நான் பார்க்கவே இல்லை.

பொறுப்பாளரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்காகக் கேள்வியை நீக்கினால் மற்றவர்களும் வருவார்கள் என்றார். நானும் அழுத்திக் கேட்கவில்லை. கேள்வியில் தவறு இல்லையே, எதைச் சொல்லி நீக்கச் சொல்வது?

அடுத்த வகுப்பில் இதையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது ஓடும் எல்.எச்.பி. வகை ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். சார்பு வேகம் 90 கி.மீ. என்றால், நீங்கள் ஒரு ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கும்போது எதிர் ரயிலின் பெட்டி வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். 360 மீட்டர் என்பது பதினைந்து பெட்டி. பதினைந்து பெட்டிக்கு ஏறக்குறைய பதினைந்து வினாடி, 14.4 பொருந்துகிறது. நான்கு வினாடியில் போகவேண்டுமென்றால் வினாடிக்கு 90 மீட்டர், அதாவது மணிக்கு 324 கி.மீ. சேலம் ஜங்ஷன் வழியாக அப்படி எந்த வண்டி போகிறது? விடையைப் பார்க்கும் முன் பெட்டியை எண்ணுங்கள் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவரும் எழுதிக்கொண்டார். இதை மாதிரித் தேர்வுக்கு முந்தைய வாரமே சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த மாதிரித் தேர்வில் ஒரு படகுக் கணக்கு வைத்தேன். ஓடத்தில் 600 மீட்டரை நீரோட்டத்தோடு 5 நிமிடத்திலும் எதிர்த்து 6 நிமிடத்திலும் கடந்தால் நீரோட்டத்தின் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.? நிமிடத்துக்கு 120 மீட்டர், 100 மீட்டர். வித்தியாசத்தில் பாதி 10 மீட்டர். அதை மணிக்கு மாற்றினால் 0.6 கி.மீ. மாற்றாமல் விட்டவருக்கு 10 வரும். அந்த 10ஐ விடைகளில் சேர்ப்பதா வேண்டாமா என்று பூலாம்பட்டிப் படகுத்துறைக்குப் போயிருந்த நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சேர்த்தேன். 10 கி.மீ. நீரோட்டத்தை எதிர்த்து அந்த ஓடம் திரும்பியே வந்திருக்காது, நிலையான நீரில் அதன் வேகமே 6.6 கி.மீ.தானே என்று யாராவது யோசிக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவர் அதில் 0.6 போட்டிருந்தார். தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மீ., நி., கி.மீ., மணி என்று அலகு எழுதியிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நேரம் போதாமல் ஆறு கேள்விகளைத் தொடவே இல்லை. அவற்றில் இரண்டு படகுக் கணக்குகள். நீரோட்டத்தோடு மணிக்கு 16 கி.மீ., எதிர்த்து மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் எவ்வளவு என்ற மாதிரி. கழித்துப் பாதியாக்கினால் 3, அலகே மாற்றவேண்டியதில்லை.