ஒரே பகரம், இரண்டு ஒலிகள்: ஒலியியல் தாளுக்குப் படிப்பவர்களுக்கு

ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை படிப்பவர்களுக்கு ஒலியியல் தாளில் வழக்கமாக வரும் வினா ஒன்று உண்டு. ஒரு மெய்யொலியைக் கொடுத்து, குரல்நாண்கள் அதிர்கின்றனவா, ஒலி வாயில் எங்கே பிறக்கிறது, காற்று எவ்வாறு தடுக்கப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்து அதற்குப் பெயர் எழுதச் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் நான் இத்தாளுக்குப் படித்த நாட்களில், ஒலிப்பிடமும் ஒலிப்பு முறையும் உடன் படித்த பெரும்பாலோருக்கு விரைவில் பிடிபட்டன. குரல் அதிர்வில்தான் தயக்கம் நீடித்தது.

இடத்தையும் முறையையும் நம் வாயே காட்டிக்கொடுத்துவிடும். ஓர் ஒலியை மூச்சுள்ளவரை நீட்ட முடியாவிட்டால் அது அடைப்பொலி. உரசும் இரைச்சலுடன் நீட்ட முடிந்தால் உரசொலி. நீட்டும்போது மூக்கைப் பிடித்தவுடன் நின்றுபோனால் மூக்கொலி. நம் பகுதிப் பேச்சில் 'வாழைப்பழம்' பெரும்பாலும் 'வாளப்பளம்' என்றே ஒலிப்பதால், ழகர ளகரங்களுக்கு மட்டும் இன்னொரு சோதனையைச் சொல்கிறேன். நாக்கை 'ள்' என்ற நிலையில் அசையாமல் நிறுத்திக் காற்றை உள்ளே இழுத்தால், நாவின் நுனி அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் குளிர்ச்சி நாவின் ஓரத்தில் தெரியும். 'ழ்' நிலையில் அவ்வாறே இழுத்தால் நுனி எதையும் தொடாமல் மேல்நோக்கி வளைந்து நிற்கும்; குளிர்ச்சி நடுவே பரவும்.

குரல் அதிர்வு கடினமாக இருப்பதற்குக் காரணம் நம் தாய்மொழியின் அமைப்பே. 'பாளையங்கோட்டை' என்பதன் பகரத்தில் இதழ்கள் மூடியிருக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. 'அம்பாசமுத்திரம்' என்பதன் பகரத்தில் அதிர்கின்றன. சொல்லில் நிற்கும் இடமே இதை முடிவு செய்வதால் தமிழுக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருக்கிறது. பேசுபவர் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் இந்த மாற்றத்தை ஒரு விதியாகவே எடுத்துரைத்தார். ஆங்கிலத்திலோ குண்டூசியைக் குறிக்கும் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பின்' என்றே எழுதினாலும், முதல் ஒலியால் அவை வேறு வேறு சொற்கள்.

குரல்வளையில் கைவைத்துப் பார்க்கும்படி எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. ஆனால் 'பா' என்று சொல்லிப் பார்த்தால் எந்தப் பகரமானாலும் அதிர்வு தெரியும், ஏனெனில் ஆகாரம் எப்போதும் அதிர்வுடையது. ஆகவே உயிரைச் சேர்க்காமல் தொடங்குங்கள். இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ஸ்' என்று நீட்டுங்கள். பிறகு நாக்கை அசைக்காமல், ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்குரிய ஒலியாக அதை மாற்றுங்கள். மாறிய கணத்தில் தலைக்குள் ரீங்காரம் எழும். இடமும் முறையும் மாறாதபோது புதிதாக எழுந்தது குரல்நாண்களின் அதிர்வு மட்டுமே.

இதே காதடைப்புடன் 'அப்பா' என்று மெதுவாகச் சொன்னால் இதழ் மூடியிருக்கும் இடைவெளியில் முழு அமைதி இருக்கும். 'அம்பா' என்றால் ரீங்காரம் அறாமல் தொடரும். அந்தத் தொடர்ச்சியையே குப்பைத்தொட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 'அம்பின்' என்று மகரத்தை நீட்டிச் சொல்லி, அடுத்து அகரத்தை விட்டு 'ம்பின்' என்று சொல்லி, மகரத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கி, இறுதியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். மூக்கு அடைபட்டும் இதழ் திறக்குமுன் ரீங்காரம் கேட்டால் ஒலி சரியாக அமைந்துவிட்டது.

குண்டூசிக்கு அதிர்வின்மை மட்டும் போதாது. சொல்லின் முதலில் வரும் ஆங்கில ஒலியில் இதழ் திறந்தவுடன் ஒரு மூச்சு வெடித்து வெளிவரும். நம் பகரத்தில் அது மிகக் குறைவு என்பதால், ஆங்கிலேயர் செவிக்கு நம் குண்டூசி குப்பைத்தொட்டியாகக் கேட்கக்கூடும். மெல்லிய தாள்துண்டு ஒன்றை இதழுக்கு இரண்டு விரல் அகலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் துள்ள வேண்டும். அதே ஒலி 'ஸ்பின்' என்பதில் சகரத்தை அடுத்து வரும்போது தாள் ஏறக்குறைய அசையாது. தேர்வில் எழுதும் மூன்று சொற்களில் இந்த மூச்சுக்கு இடமில்லை என்றாலும், பேச்சில் கேட்பவர் முதலில் பற்றிக்கொள்வது இதைத்தான்.

மூக்கைப் பிடித்துச் செய்யும் பயிற்சியில் ரீங்காரம் சிறிது நேரத்திலேயே அடங்கிவிடுவது குறையன்று. காற்று வெளியேற வழியில்லாமல் வாய்க்குள் அழுத்தம் ஏறி, கீழிருந்து வரும் அழுத்தத்துக்கு ஈடாகும்போது குரல்நாண்கள் நின்றுவிடுகின்றன. இதழொலியில் கன்னம் உப்பி இடம் தருவதால் அதிர்வு சற்று நீளும். 'பாளையங்கோட்டை'யின் ககரத்தைப் போலக் கடையண்ணத்தில் அடைபடும் ஒலியில் பின்னால் இடம் குறைவு என்பதால் விரைவில் அறும். எனவே இதழொலியில் பழகிய பின்பே ககரத்துக்குச் செல்லுங்கள். அங்கு 'ங்' என்பதை நீட்டித் தொடங்குவது உதவும்.