பேனலுக்கு ஆள் கேட்டு எழுதிய மெயில்

எங்கள் குழுவுக்கு நான்கு பேக்கெண்ட் பொறியாளர்களை எடுத்துக்கொள்ள அனுமதி வந்ததும் எச்.ஆர். கேட்ட முதல் கேள்வி, "உங்க டீமிலிருந்து இன்டர்வியூ பேனலில் யார் யார்?" என்பதுதான். ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகங்களில் இதற்குப் பதில் பெரும்பாலும் தயாராக இருக்கும். அனுபவம் கூடிய இரண்டு மூன்று பேரின் பெயரை மேனேஜரே கொடுத்துவிடுவார். காலண்டரில் அழைப்பு வந்து விழும்போதுதான் சம்பந்தப்பட்டவருக்கே விஷயம் தெரியும். நான் பொறியாளராக இருந்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. நேர்காணல் தொடங்கப் போகிற நேரத்தில் ரெஸ்யூமே கைக்கு வரும். எதைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் தனக்குத் தெரிந்த அதே நாலு கேள்வியைக் கேட்போம். மூன்று ரவுண்டிலும் வந்தவர் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்.

மேனேஜரான பிறகு, பேனலுக்கு விருப்பம் உள்ளவர்களைக் கேட்டுத்தான் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் "நேரம் இருப்பவர்கள் உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வருபவர்கள் எப்போதும் வருகிற அதே இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு உதவ மனமில்லை என்று அர்த்தமில்லை. எவ்வளவு நேரம் போகும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத வேலைக்கு யாரும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் மெயில் எழுதுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான்கு பேர் வேண்டுமென்றால் நான்கு ஆஃபர் போதாது. நம் ஊர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அந்த மூன்று மாதத்தில் நம் ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதல் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, இருக்கும் நிறுவனமே சம்பளத்தை ஏற்றித் தக்கவைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே ஆறு ஆஃபர் என்று வைத்துக்கொண்டேன். ஆறு ஆஃபருக்கு முதல் ரவுண்டில் 24 பேரைப் பார்க்க வேண்டும், அதில் 12 பேர் அடுத்த கட்டத்துக்கு வருவார்கள், அவர்களுக்குத் தலா இரண்டு நேர்காணல். மொத்தம் 48 நேர்காணல்கள்.

ஒரு நேர்காணல் என்பது காலண்டரில் தெரிகிற ஒரு மணி நேரம் மட்டும் இல்லை. ரெஸ்யூமே படிக்க 15 நிமிடம், முடிந்த பிறகு ஃபீட்பேக் எழுத 30 நிமிடம். ஆக ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டாம் கட்டம் முடித்த 12 பேருக்கும் அவரைப் பார்த்த மூவரும் சேர்ந்து பேச அரை மணி. எல்லாம் சேர்த்தால் சுமார் 102 மணி நேரம். மூன்று பேர் தலையில் இது விழுந்தால் ஆளுக்கு 34 மணி, கிட்டத்தட்ட முழு வாரம். எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 13 மணிக்குள், ஆறு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டுப் பேர் வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

மெயிலின் முக்கியமான பகுதி இது:

"வரும் ஆறு வாரத்துக்கு நேர்காணல் எடுக்க எட்டுப் பேர் தேவை. வாரத்துக்கு ஒரு நேர்காணல். தயாரிப்பு, ஃபீட்பேக், கலந்துபேசுதல் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த நேரத்தை உங்கள் ஸ்பிரிண்ட் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறேன், மாலையில் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். வருபவர்கள் வேறு வேலையில் இருப்பவர்கள் என்பதால் காலை 8.30 அல்லது மாலை 6 மணிக்குத்தான் பெரும்பாலும் நேரம் கேட்பார்கள். உங்களால் எது முடியும் என்று எழுதுங்கள். இரண்டுமே முடியாதவர்கள் மதிய நேரத்துக்குச் சேரலாம். இதுவரை நேர்காணல் எடுக்காதவர்கள் முதலில் இரண்டு நேர்காணல்களில் பேசாமல் கூட உட்கார்ந்து கவனிக்கலாம், அந்த நேரமும் கணக்கில் சேரும். முடியாது என்றால் பதில்கூட வேண்டாம்."

ஸ்பிரிண்ட் கணக்கிலிருந்து கழிப்பதை நான் ப்ராடக்ட் பக்கம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் எழுதினேன். இந்த ஒரு வரி இல்லாமல் விருப்பத்தின் பேரில் ஆள் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலையின் அளவைக் குறைக்காமல் இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு அதை விருப்பம் என்று சொல்லக்கூடாது.

அடுத்தது, எதைச் சோதிப்பது. நான்கு திறன்களைத் தேர்ந்தெடுத்தேன்: சிறிய ஒரு தேவையை நிரலாக எழுதுவது, உடைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, தரவுதளத்தை யோசித்து வடிவமைப்பது, தான் செய்த வேலையைப் பிறருக்குப் புரியும்படி விளக்குவது. முதலாவது முதல் ரவுண்டுக்கு. இரண்டாம் கட்டத்தில் ஒருவர் பிழையைக் கண்டுபிடிப்பதைப் பார்ப்பார், இன்னொருவர் தரவுதளத்தையும் விளக்கத்தையும் பார்ப்பார். ஒவ்வொருவரும் தனக்கு ஒதுக்கியதை மட்டும் மதிப்பிட வேண்டும். "ஆள் எப்படி?" என்ற பொதுக் கேள்விக்குப் பதில் எழுத ஃபார்மில் இடமே வைக்கவில்லை. அப்படி ஓர் இடம் இருந்தால் எல்லோரும் அதைத்தான் முதலில் நிரப்புவார்கள். நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு நிரல் எழுதும் திறனிலும் மதிப்பெண் ஏறிவிடும்.

பிழையைக் கண்டுபிடிக்கும் திறனுக்கு நாங்கள் வைத்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன்.

```sql
SELECT c.name, COUNT(o.id)
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.status = 'PAID'
GROUP BY c.id, c.name;
```

எல்லா வாடிக்கையாளரும் பட்டியலில் வர வேண்டும், பணம் கட்டிய ஆர்டர் இல்லாதவருக்கு 0 என்று காட்ட வேண்டும். ஆனால் அவர்கள் பட்டியலிலேயே வருவதில்லை. ஏன்? காரணம் `WHERE` வரி. ஆர்டரே இல்லாதவருக்கு `o.status` காலியாக, அதாவது `NULL` ஆக இருக்கும். அதை `'PAID'` உடன் ஒப்பிட்டால் பொருந்தாது, அந்த வரிசை கழிந்துவிடும். `LEFT JOIN` கொண்டுவந்து சேர்த்தவரை அடுத்த வரியே வெளியே தள்ளிவிடுகிறது. நிபந்தனையை `ON` பகுதிக்குள் நகர்த்தினால் சரியாகிவிடும்.

விடை வந்ததா இல்லையா என்பதைவிட எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்குத்தான் மதிப்பெண். மூன்று வாடிக்கையாளர், இரண்டு ஆர்டர் என்று சின்னதாகத் தரவு போட்டு ஓட்டிப் பார்த்து, `WHERE` வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டி, வித்தியாசத்திலிருந்து காரணத்தைச் சொன்னால் 4. ஒரு குறிப்புக் கொடுத்த பிறகு அதே வழியில் வந்தால் 3. `LEFT JOIN` என்றால் என்ன என்று அழகாக விளக்கம் சொல்லிவிட்டு, வரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் 2. வந்த விடையில் என்ன தப்பு என்பதையே சொல்ல முடியாவிட்டால் 1. இந்த நான்கு வரிகளையும் கேள்வியோடு சேர்த்தே கொடுத்திருந்தோம். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டாலும் எண் பெரிதாக மாறாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆளெடுக்கும் முறைகளைப் பற்றி 1998-ல் ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். 2022-ல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பழைய கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது பல முறைகளின் பலன் முன்பு நினைத்ததைவிடக் குறைந்துபோனது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் மேலே நின்றது, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல். மேலே நின்றதே தவிர, அதுவும் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுவதில்லை. தவறான தேர்வு இந்த முறையிலும் நடக்கும், குறைவாக நடக்கும்.

மெயில் போன பிறகு என்னைத் தேடி வந்தவர்களில் ஒருவர் குழுவில் இரண்டு வருட அனுபவம் உள்ளவர்.

"எட்டு வருஷம் வேலை பார்த்தவங்க வந்து உட்காருவாங்க. அவங்கள நான் கேள்வி கேட்டா சரியா இருக்குமா?" என்றார்.

"அந்த எஸ்.க்யூ.எல். கேள்வியில அவங்க என்ன செய்யறாங்கன்னு உங்களால பார்த்துச் சொல்ல முடியுமா?"

"அது முடியும்."

"அது போதும். மொத்த ஆளையும் எடை போடச் சொல்லலையே."

அவர் பேசாமல் உட்கார்ந்து கவனித்த இரண்டு நேர்காணலுக்கும் தானாகவே ஃபீட்பேக் எழுதி, எடுத்தவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் பேனலில் மிகத் தெளிவான குறிப்புகள் அவருடையவைதான். "தடுமாறினார்" என்று எழுத மாட்டார், எந்த வரியில், என்ன சொல்லி நின்றார் என்று எழுதுவார். மூத்தவர்களின் பெயரை மட்டும் கொடுக்கும் வழக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ஃபீட்பேக் விஷயத்தில் ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நேர்காணல் நடந்த அன்றே எழுத வேண்டும், எழுதி முடிக்கும்வரை மற்றவர்களோடு அந்த ஆளைப் பற்றிப் பேசக்கூடாது. காபி மெஷின் பக்கத்தில் யாராவது "செம ஆளுப்பா" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் 2 போட நினைத்த இடத்தில் 3 போட்டுவிடுவார். ஒருமுறை கலந்துபேசும்போது ஒருவருக்குப் பிழை கண்டுபிடிப்பதில் 4, நிரல் எழுதுவதில் 2 வந்திருந்தது. தனித்தனியாக எழுதியிருந்ததால்தான் அந்த வித்தியாசமே தெரிந்தது. முதல் ரவுண்ட் குறிப்பைப் படித்தோம். பழக்கமில்லாத எடிட்டரில் எழுதச் சொன்னதால் நேரம் போயிருந்தது, அவருடைய தர்க்கம் சரியாகவே இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் அவருடைய சொந்த லேப்டாப்பில் மறுபடி செய்யச் சொன்னோம். எடுத்துக்கொண்டோம்.

நாலாவது வாரத்தில் வேறொரு சிக்கல். வந்தவர்களில் சிலர் க்வெரியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே "நிபந்தனையை ஆன்-க்கு நகர்த்தணும்" என்றார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கேள்வி வெளியே போய்விட்டது என்பது அதிலேயே தெரிந்தது. ஒரே கன்சல்டன்சி மூலம் அடுத்தடுத்து ஆட்கள் வரும்போது இது நடக்கக்கூடியதுதான், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே `LEFT JOIN` கேள்வியை வேறு அட்டவணைகளில், `WHERE` இல்லாமல் `COUNT(*)` போட்டு, விடுபடுவதற்குப் பதிலாக 0 வர வேண்டிய இடத்தில் 1 வரும்படி மாற்றி அமைத்தோம். மனப்பாடமாக வந்தவர்கள் அதிலும் ஆன் என்றே ஆரம்பித்தார்கள். உண்மையாகவே தெரிந்தவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணிக்கை எங்கே கூடுகிறது என்று தேடினார்கள்.

அந்த மாற்றுக் கேள்விகளை எழுதவும், குழுவுக்குள்ளேயே ஒருவரிடம் சோதித்துப் பார்க்கவும் எடுத்த நேரம் என்னுடைய 102 மணி நேரக் கணக்கில் இல்லை. அடுத்த முறை ஆள் கேட்கும் மெயிலில் அதைத் தனியாக எழுதினேன்: கேள்வி தயாரிக்க மட்டும் இரண்டு பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், நேர்காணலில் உட்கார வேண்டியதில்லை. நேர்காணலுக்கு நேரம் கொடுக்க முடியாததால் முதல்முறை ஒதுங்கியிருந்த ஒருவர் அதற்குப் பெயர் கொடுத்தார்.