வினிகர் ஆணியின் கட்டம்

எந்தத் திரவத்தில் ஆணி துருப்பிடிக்கும் என்று ஆறாம் வகுப்பில் செய்த சோதனையின் ஐந்தாம் நாள், அட்டவணையில் வினிகர் வரிசைக்கு நேரே ஒரு மாணவனை "துரு இல்லை" என்று எழுதவிட்டேன். அந்த இரண்டு சொற்கள்தான் இன்னும் உறுத்துகின்றன.

ஏற்பாட்டில் குறையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். நான்கு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 50 மில்லி: குழாய்த் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்த தண்ணீர், வினிகர், சமையல் எண்ணெய். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டங்குல ஆணிகள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தவை. (துத்தநாகப் பூச்சுள்ள ஆணி என்றால் தண்ணீரில் பல நாள் பளபளவென்றே கிடக்கும், சோதனை வீண்.) எல்லா ஆணியும் முழுக்க மூழ்கியிருந்தன. தலை வெளியே நீட்டினால் நீர் மட்டத்தில் துரு வேறு மாதிரி ஏறும், திரவத்தோடு ஆழமும் மாறிவிடும்.

உப்புத் தண்ணீரில் அடியில் செம்பழுப்பு வண்டல். தண்ணீரில் ஆணி மேல் திட்டுத் திட்டாய்த் துரு. எண்ணெயில் எதுவுமில்லை. வினிகரில் ஆணி சாம்பல் நிறமாக, துருவின்றி.

"டீச்சர், அப்ப ஆணியை வினிகர்ல போட்டு வெச்சா துருவே பிடிக்காதா?" என்று கேட்டான் அந்த மாணவன்.

"வினிகர் துருவைக் கரைச்சுடும்பா," என்றேன். பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது அதில்லை, ஆணி பத்திரமா என்பதுதான். முதல் நாளே அதே கிளாஸில் ஆணியைச் சுற்றிச் சின்னக் குமிழிகளைப் பார்த்தவன் அவன். அமிலம் இரும்பையே தின்னும்போது வெளியேறும் ஹைட்ரஜன் அது. இரும்பு கரைசலில் இறங்கிவிடுவதால் ஆணி மேல் துரு தங்குவதில்லை. எண்ணெய் ஆணியும் வினிகர் ஆணியும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் நின்றன. ஒன்றை நீர் தொடவில்லை, மற்றது கரைந்துகொண்டிருந்தது.

ஆறாம் வகுப்புக்கு அவ்வளவு போதும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேதிச் சமன்பாடு அவர்களுக்கு வேண்டாம்தான். ஆனால் தராசு வேண்டாமென்று யார் சொன்னது? ஒரு கிளாஸுக்குப் பத்து ஆணி போட்டு, முதலிலும் முடிவிலும் துடைத்து, உலர்த்தி, 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்திருந்தால் வினிகர் ஆணிகள் இளைத்தது தெரிந்திருக்கும். ஆனால் தண்ணீர் ஆணிகளில் துரு ஒட்டியிருந்தால் எடை கூடும், உதிர்ந்தால் குறையும், இன்னொரு குழப்பம். தராசில்லாவிட்டாலும், ஆணியை எடுத்துவிட்டு அந்த வினிகரைத் தட்டில் ஊற்றித் திறந்து வைத்தால் சில நாளில் காற்றுப்பட்டு அது செம்பழுப்பாகும். கரைந்த இரும்பு அங்கே கண்ணுக்குத் தெரியும்.

திரவத்தை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் சமமாய் வைத்தோம். எதை அளப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அட்டவணையின் தலைப்பே "துரு உண்டா" என்று இருந்தபோது அவன் வேறென்ன எழுதியிருப்பான்? தலைப்பு நான் போட்டது. "என்ன மாறியிருக்கிறது" என்று போட்டிருந்தால், பாதிப் பேர் "தண்ணீர் அழுக்கு" என்று எழுதியிருப்பார்கள் என்பதும் தெரியும்.