க்ரேயான் பெட்டியின் வரிசை

எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தன் க்ரேயான் பெட்டியை யாருக்கும் தரமாட்டான். கேட்டால் பெட்டியை மடிக்குள் இழுத்துக்கொள்வான். ஒருநாள் பக்கத்து பெஞ்சுப் பையன் விளையாட்டாகப் பெட்டியைப் பிடுங்கிக் குலுக்கி, எல்லாவற்றையும் கலைத்து வைத்துவிட்டான். இவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "கலர் பென்சிலுக்கா இவ்வளவு?" என்று நானும் சேர்ந்துதான் கேட்டேன். டிராயிங் மாஸ்டராகப் பதினொரு வருடம் ஓடியிருந்தது அப்போது. ஆனாலும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் "எங்கள் தெரு" என்று தலைப்புக் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னேன். இவன் வரைந்த வேப்பமரம் அளவிலும் கிளை பிரிந்த விதத்திலும் வகுப்பிலேயே சிறந்தது. ஆனால் இலையெல்லாம் பழுப்பு, அடிமரம் பச்சை. நான் அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டி, "இது எந்த ஊர் வேப்பமரம்டா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். பத்துக்கு நாலு போட்டு, இலைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, மெதுவாகக் கேட்டான்: "எங்க சார் வட்டம் போட்டிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலைந்த பெட்டி, காகித உறை கிழிந்து பெயர் போன க்ரேயான்கள், எப்போதும் பார்த்துச் சொல்லும் பக்கத்துப் பையன் அன்றைக்கு விடுப்பு. இவன் நிறத்தைப் பார்த்து க்ரேயான் எடுக்கவில்லை, இடத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். இடமிருந்து நாலாவது பச்சை, ஒன்பதாவது பழுப்பு என்று மனப்பாடம். வரிசை கலைந்ததும் எல்லாம் போச்சு.

நான் செய்த முதல் காரியமும் தப்பான காரியம்தான். அவனை மேசைக்கு அழைத்து ஒவ்வொரு க்ரேயானாகத் தூக்கி, "இது என்ன கலர்? இது?" என்று கேட்டேன். யாராவது நிறக்குருடு என்று தெரிந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கண் பரிசோதனை என் வேலை இல்லை. எண்கள் புள்ளிகளாக ஒளிந்திருக்கும் இஷிஹாரா தாள்களை (1917-இல் ஜப்பானில் வந்தவை) செல்போனில் காட்டிப் பார்க்கலாம் என்றும் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. ஒவ்வொரு திரையும் நிறத்தை ஒவ்வொரு மாதிரி காட்டும். அந்தத் தாள்கள் அச்சில், நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அம்மாவை வரச்சொல்லி, தனியாக உட்கார வைத்து, கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். "எங்க அண்ணனும் இப்படித்தான் சார். தக்காளி பழுத்திருக்கா காயான்னு அமுக்கிப் பாத்துதான் வாங்கும்" என்றார். சிவப்பு-பச்சைக் குறைபாடு பெரும்பாலும் அப்படித்தான் வரும். பையனுக்கு அது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், தாய்மாமனைக் கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். டாக்டரும் அதையே உறுதி செய்தார். பச்சையை உணரும் கூம்பு செல்லில்தான் கோளாறு. அவனுக்கு உலகம் கறுப்பு வெள்ளை இல்லை. நீலமும் மஞ்சளும் தெளிவாகத் தெரியும். பச்சை, பழுப்பு, ஆரஞ்சு ஒன்றோடொன்று குழம்பும். ஊதாவும் நீலமும் ஒன்றாகிவிடும். வெளிர் ரோஜா நிறம் சாம்பலாகிவிடும்.

சரி, பெயர் எழுதி ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று, அவன் பெட்டிக்கு மட்டும் நானே சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் அது "ஸ்பெஷல் டப்பா" ஆகிவிட்டது. அவன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தான். அடுத்த வருடத்திலிருந்து வழியை மாற்றினேன். ஜூன் மாத முதல் வகுப்பில் வரைதலே கிடையாது. மாஸ்கிங் டேப் ஒரு சுருள், பேனா, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேரும் தங்கள் க்ரேயான், வாட்டர் கலர் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். முதலில் ஒரே ஒரு எழுத்துதான் எழுதச் சொல்லியிருந்தேன். பார்த்தால் பச்சைக்கும் ப, பழுப்புக்கும் ப! அவனால் பிரித்தறிய முடியாத ஜோடியையே தமிழ் ஒரே எழுத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அப்புறம் "பச்", "பழு" என்று மாற்றினோம். ஊதா என்றால் நீலமா வயலட்டா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் நீலத்தை ஊதா என்றுதான் சொல்வார்கள். நிறத்தின் பெயரில் எல்லோருமே தடுமாறுகிற அந்த அரைமணி நேரத்தில் இவன் ஒருவன் தனியாகத் தெரியவில்லை.

நிறக் கலவைப் பயிற்சியில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. வழக்கமாக, "பச்சை வரும் வரை மஞ்சளில் நீலத்தைச் சேர்" என்று சொல்லிவிடுவோம். வந்ததா இல்லையா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணைத்தான் நம்ப முடியாது. அதனால் சமையல் குறிப்பு மாதிரி மாற்றினேன். ஆளுக்கொரு இங்க் ஃபில்லர். போஸ்டர் கலரைத் தண்ணீர்விட்டு மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் எட்டுச் சொட்டு, அதில் நீலம் ஒன்று, அடுத்த குழியில் இரண்டு, பிறகு நாலு, பிறகு எட்டு. நீலம் பொல்லாதது. ஒரு சொட்டே மஞ்சளைச் சாய்த்துவிடும். ஒன்றுக்கொன்று என்று சரிபாதியாக ஆரம்பித்தால் எல்லாக் குழியும் கரும்பச்சையாகத்தான் போகும். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் "ம 8 நீ 2" என்று எழுத வேண்டும். இந்தப் பயிற்சி அவனுக்கு நன்றாகவே வந்தது. மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும் பாதை அவன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பாதை. நாலாவது குழிக்குச் சொட்டு கூடிவிட்டதைப் பக்கத்துப் பையனுக்கு அவன்தான் சொன்னான்.

எதிர் நிறங்களைக் கலந்து சாம்பலாக்கும் பயிற்சியில் சிக்கினோம். பாடத்தில் நான் சிவப்பையும் பச்சையையும்தான் வைத்திருந்தேன். அவனுக்கு அதில் ஆரம்பமும் முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான், நடுவில் எங்கே சாம்பல் வந்தது என்று எப்படிச் சொல்வான்? மொத்த வகுப்புக்கும் ஆரஞ்சு, அல்ட்ராமரைன் நீலம் என்று மாற்றிவிட்டேன். கற்றுக்கொள்ள வேண்டியது எதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும் என்பதைத்தான். அதற்கு இந்த ஜோடி போதும். பிரஷ்யன் நீலத்தை எடுத்தால் கலவை பச்சைப் பக்கம் ஓடிவிடும், அது மட்டும் வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு மாணவன் என் தெம்பைக் கொஞ்சம் குறைத்தான். ஒளி, நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஓவியத்தை செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துக் காட்டுவேன். முதல் பையனுக்கு இது நன்றாக உதவியது. இவன், "சார், போன்ல சாம்பலா இருக்கிற இடம் எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது" என்றான். சிவப்புப் புடவை கட்டிய பெண்ணை வரைந்திருந்தான். இவனுக்குச் சிவப்பை உணரும் கூம்பில் குறை. இந்த வகையினருக்கு அடர்சிவப்பு வெறும் நிறம் மாறுவதோடு நிற்காது, இருண்டும் போகும். கேமரா காட்டும் சாம்பல், குறையில்லாத கண்ணின் சாம்பல்தான். அதைக் காட்டி இவனைத் திருத்துவது சரியில்லை. இவனிடம் சிவப்புப் பகுதிகளை விட்டுவிட்டு மற்ற இடங்களின் நிழலை மட்டும் பேசுவது என்று முடிவு செய்துகொண்டேன். முழுத் தீர்வு இன்னும் கைக்கு வரவில்லை.

மதிப்பெண்ணில் முன்பு "வண்ணப் பொருத்தம்" என்று பத்தில் நாலு வைத்திருந்தேன். இப்போது வரைவுக்கு மூன்று, ஒளி நிழலுக்கு மூன்று, தூரிகை வேலைக்கு இரண்டு. மீதி இரண்டும் தாளின் பின்பக்கத்துக்கு. எல்லோரும் வண்ணம் தீட்டும் முன் பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி எழுத வேண்டும்: எங்கே என்ன நிறம், ஏன். எழுதியதைச் செய்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். "இலை பழுப்பு, சித்திரை வெயிலில் காய்ந்தது" என்று எழுதியிருந்தால் பழுப்பு இலை தப்பே இல்லை. "இலை பச்சை" என்று எழுதிவிட்டுப் பழுப்பு தீட்டியிருந்தால், டேப் உரிந்துபோயிருக்கிறதா என்று பெட்டியைப் பார்ப்பேன். மதிப்பெண்ணில் கை வைக்கமாட்டேன். சிவப்புப் பேனாவையும் விட்டாயிற்று. திருத்தமெல்லாம் ஓரத்தில் பென்சில் அம்புக்குறிதான்.

ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது மாற்றியது ஒன்றே ஒன்று. "என்ன நிறம் தெரிகிறது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். நிறத்தை நானே சொல்லிவிடுவேன். வான் கோ 1888-இல் வரைந்த 'இரவு விடுதி' ஓவியத்தைக் காட்டும்போது இதை நன்றாகவே சோதித்துப் பார்த்தேன். அது முழுக்க முழுக்கச் சிவப்பும் பச்சையும் மோதிக்கொள்ளும் படம். மனித மனத்தின் பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்லப் பார்த்தேன் என்று அவரே தம்பிக்கு எழுதியிருக்கிறார். இதைப் போய்க் காட்டலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு, "சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை, நடுவில் மேசை பச்சை, விளக்கு எலுமிச்சை மஞ்சள். இந்த அறையில் உட்கார உங்களுக்குப் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டேன். பலரும் சுவரைப் பற்றிப் பேசினார்கள். வேப்பமரம் வரைந்த அந்த முதல் பையன் கடைசியில் கை தூக்கி, "தரை நம்ம மேல சரிஞ்சு வருது சார். நாற்காலியெல்லாம் காலி. விளக்கைச் சுத்தி வளையம் வளையமா இருக்கு, தலைவலி வந்தவன் பாக்குற மாதிரி" என்றான். அதுவரை அந்தத் தரையை நானே கவனித்ததில்லை.

அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவில் கண்காட்சி வைத்தோம். அவன் வரைந்த வேப்பமரமும் இருந்தது. அம்மாவோடு அவனுடைய மாமாவும் வந்திருந்தார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றவர், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "இலை பச்சைதானேடா போட்டிருக்க?" என்று அவன் காதில் கேட்டார். அவன் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றித் திருப்பி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினான்.