மண்டபத்துக்குக் கட்டிய அட்வான்ஸ் எப்படித் திரும்பி வந்தது

தங்கை கல்யாணத்துக்கு 2020 ஏப்ரல் 26 அன்று மேற்கு மாம்பலத்தில் ஒரு மண்டபம் பேசி, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டியிருந்தோம். மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியது, அப்புறம் மே 3 வரை நீட்டித்தார்கள். மண்டபத்துக்குப் பூட்டு.

பணத்தைக் கேட்டு அப்பா போன் செய்தபோது மேனேஜர் சொன்னது ஒன்றுதான்: "ரசீதைப் பாருங்க சார், அட்வான்ஸ் திருப்பித் தரப்படாதுன்னு இருக்கு. வேணும்னா வேற தேதி எடுத்துக்கோங்க." ரசீதின் அடியில், கையெழுத்துக்கு மேலே, ஊதா ரப்பர் ஸ்டாம்பில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அப்பா தேதி மாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே தயாராகிவிட்டார்.

நல்லவேளை, வக்கீலாக இருக்கும் சித்தப்பாவிடம் முதலில் கேட்டோம். "போடாதீங்க அண்ணா, போட்டா அது புது ஒப்பந்தம், பழைய பணத்தைக் கேக்கிறது கஷ்டமாயிடும்" என்றார். அந்த ஸ்டாம்ப், நாமாக ரத்து செய்தால்தான் பொருந்தும். இங்கே ரத்து செய்தது நாமும் இல்லை, அவர்களும் இல்லை. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56வது பிரிவுப்படி, செய்ய முடியாமலோ சட்டவிரோதமாகவோ போன ஒப்பந்தம் அந்தக் கணத்திலேயே செல்லாது. செல்லாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65வது பிரிவு. அதில் ஒரு உதாரணமே இருக்கிறது: கச்சேரிக்கு 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பாடகருக்கு உடம்பு சரியில்லை, 1,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் ஏற்பாடு செய்தவர் இழந்த லாபத்துக்கு ஈடு தர வேண்டியதில்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. மண்டபத்திடம் அட்வான்ஸைக் கேட்கலாம், பத்திரிகைச் செலவைக் கேட்க முடியாது. ரசீதில் இயற்கைச் சீற்றம், அரசுத் தடை என்று தனி நிபந்தனை இருந்திருந்தால் அதுதான் முதலில் பேசும், 56க்கே போக முடியாது. எங்களுடையதில் இல்லை. வாடகையோ செலவோ கூடிவிட்டது என்பதற்காகவும் 56 உதவாது.

ஜூனில் நோட்டீஸ் அனுப்பினோம். பெயின்ட் அடித்தோம், வாட்ச்மேன் சம்பளம் கொடுத்தோம் என்று 40,000 கழிக்கப் பார்த்தார்கள். அப்படிச் செலவைக் கழிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று இங்கிலாந்தின் 1943 சட்டத்தில் தனியாக இருக்கிறது, நம்முடைய 65ல் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் கேஸ் என்று போனால் வருஷக்கணக்காகும் என்பதால் 15,000 விட்டுக்கொடுத்து 1,35,000க்கு முடித்தோம், இரண்டு செக்காகக் கொடுத்தார்கள்.

சமையல்காரர் விஷயம் வேறு. 40,000 வாங்கியிருந்தவர், சீர் முறுக்கும் லட்டும் மார்ச் 20க்குள் வீட்டில் இறக்கிவிட்டார். அதன் மதிப்பு 12,000, அந்தப் பலன் எங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கழித்து 28,000 தந்தார், நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. பத்திரிகை அச்சடித்தவருக்கு 6,000 பாக்கி இருந்தது. அவர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார், அதனால் அதை அப்படியே கொடுத்தோம்.