ஒரு கொன்சோல், இரண்டு பிள்ளைகள்: கொக்குவில் வீட்டு நாட்குறிப்பு

1 பெப்ரவரி 2025, சனி

கனடாவிலிருந்து வந்த என் தம்பி விட்டுச்சென்ற நின்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கொன்சோல் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சியோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு ஏழு. ஆளுக்கு அரை மணித்தியாலம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஏற்பாடு. அது ஏன் நிற்பதில்லை என்பதை இன்று முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஒருவர் விளையாடும்போது மற்றவர் வேறு அறைக்குப் போவதில்லை. பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டே தன் முறைக்காகக் காத்திருக்கிறார். ஆகவே ஆளுக்கு 30 நிமிடம் என்று நாம் கணக்கு வைத்தாலும், இரு பிள்ளைகளும் 60 நிமிடம் திரைக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். அதிலும் பாதி நேரம் மற்றவரின் கையில் இருக்கும் கொன்றோலரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கும் நேரம். இருவரும் சேர்ந்து 40 நிமிடம் விளையாடினால் ஒவ்வொருவரும் தம் கையால் விளையாடும் நேரம் கூடுகிறது, திரைநேரமோ இருவருக்கும் குறைகிறது.

கைப்பேசியில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. அதில் வைக்கும் நாளாந்த நேர வரம்பு முழுக் கொன்சோலுக்கும் உரியது. மகளுக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்க முடியாது. பாடசாலையிலிருந்து முதலில் வருபவர் முழு வரம்பையும் முடித்துவிட்டால், பின்னால் வருபவருக்கு எஞ்சுவது சண்டை மட்டுமே. ஆகவே மாறிமாறி விளையாடும் விளையாட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே நேரத்தில் இருவரும் விளையாடக்கூடியவற்றை மட்டும் வைத்திருப்பது என்று முடிவெடுத்தோம். “செத்தால் மாற்றிக் குடு” என்ற பழைய விதியையும் நீக்கினோம். திறமை கூடியவர் சாக நெடுநேரம் எடுப்பதால், பயிற்சி மிகவும் தேவைப்படுபவருக்கே அந்த விதி மிகக் குறைந்த நேரத்தைக் கொடுக்கிறது.

5 பெப்ரவரி, புதன்

எங்களிடம் உள்ள விளையாட்டுகளில் இருவருக்கும் பிடித்தது மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார்ப் பந்தயம். சுவிட்சின் இரு பக்கங்களிலும் இருக்கும் சிறிய ஜோய்-கொன்களைக் கழற்றிக் குறுக்காகப் பிடித்தால் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கொன்றோலராகிவிடும் என்பதால், இருவர் விளையாட வேறொன்றும் வாங்க வேண்டியதில்லை.

இளையவன் ஒவ்வொரு வளைவிலும் பாதையை விட்டு விழுந்துகொண்டிருந்தான். வாகனம் தெரிவு செய்யும் திரையில் + பொத்தானை அழுத்தினால் (இடப்பக்க ஜோய்-கொன்னில் −) சில தெரிவுகள் வரும். அவற்றில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்பது கார் பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று வேகப் பொத்தானை அழுத்தாமலே காரை ஓடவைக்கும். ஒவ்வொரு விளையாட்டாளருக்கும் தனித்தனியாக வைக்கலாம் என்பதால் இவனுக்கு மட்டும் முதலாவதை வைத்தேன். இரண்டாவதை வேண்டுமென்றே வைக்கவில்லை. விரல் எதையும் செய்யாமலே கார் ஓடினால், ஓட்டுவது தான்தான் என்ற உணர்வு பிள்ளைக்கு வராது.

மூத்தவள் உடனே எதிர்த்தாள். “அவன்ர கார் தானா ஓடுது, அது நியாயமில்லை.” அவள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு விளையாட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஸ்மார்ட் ஸ்டீயரிங் இருக்கும்போது சில குறுக்குவழிகளுக்குள் போக முடியாது. சறுக்கித் திரும்பும்போது கடைசியாக வரும் ஊதாப் பொறியும், அதனால் கிடைக்கும் மிகப் பெரிய வேகமும் கிடைக்காது. இரண்டையும் அவளுக்கே செய்துகாட்டிய பிறகு அவள் அந்த உதவியைப் பற்றி முறையிடவில்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

இன்று முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று பின்னர் செய்தியில் சொன்னார்கள். தொலைக்காட்சி அணைந்தாலும் சுவிட்ச் தன் மின்கலத்தில் ஓடும் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். மேசையில் அதை நிறுத்திவைத்து மாரியோ கார்ட்டைத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் முறைப்பாடு தொடங்கிவிட்டது. அந்தத் திரை 6.2 அங்குலம் மட்டுமே. அதை இரண்டாகப் பிரித்தால் ஒருவருக்கு வருவது கைப்பேசித் திரையிலும் சிறியது, யாருடைய பாதி தலைக்கு நேரே இருக்கிறது என்பதே அடுத்த வழக்காகிறது.

அதனால் ஸ்னிப்பர்கிளிப்ஸைப் போடச் சொன்னேன். இதில் திரை பிரிவதில்லை. காகிதத்தால் ஆன இரு உருவங்கள் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று நின்று ஒருவர் வெட்டினால், ஒன்றோடொன்று படியும் பகுதி மற்றவரின் உருவத்திலிருந்து வெட்டுப்படும். அப்படி வெட்டிய வடிவங்களை வைத்து ஒரு பந்தைக் கூடைக்குள் போடுவது போன்ற புதிர்களைத் தீர்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து விளையாடும் பகுதியில் புள்ளி இல்லை, மணிக்கூடும் இல்லை. இளையவன் அக்காவை வேண்டுமென்றே துண்டு துண்டாக வெட்டினான். ஒரு பொத்தானை அழுத்தினால் முழு வடிவமும் திரும்பி வந்துவிடுவதால் அந்தக் குறும்பில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை, அவனுக்கும் சீக்கிரமே அலுத்துவிட்டது. அதன்பின் “நீ குனி, நான் வெட்டுறன்” என்ற பேச்சுத்தான் கேட்டது. புதிர்கள் ஒருமுறை தீர்ந்தால் மறுபடி விளையாடும் ஆசை குறைந்துவிடும் என்பதால் இதை நாளாந்த விளையாட்டாக வைத்திருக்க முடியாது. ஆனாலும் சண்டை சூடாகிய நாட்களுக்கென்று இதை ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.

15 பெப்ரவரி, சனி

மாரியோ கார்ட்டில் தீராமல் இருந்தது புள்ளிக் கணக்கு. ஒரு கப் என்பது நான்கு ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் 12 கார்கள். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10, நான்காமிடத்துக்கு 9. அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைந்து பன்னிரண்டாமிடத்துக்கு 1. மூத்தவள் எப்போதும் மேலே, இளையவன் எப்போதும் கீழே. இதற்குள் இன்னொரு புகைச்சலும் உண்டு. பின்னால் ஓடுபவருக்கே இந்த விளையாட்டு பலமான பொருட்களைக் கொடுக்கிறது. முன்னால் ஓடுபவருக்குப் பெரும்பாலும் நாணயமும் வாழைப்பழத்தோலும்தான். முதலாவதாக ஓடுபவரைத் தேடிச்சென்று அடிக்கும் நீல ஆமை ஓடு தம்பியின் கையிலிருந்து வந்தால், அக்கா அதைத் தனிப்பட்ட அநியாயமாகவே எடுத்துக்கொள்கிறாள்.

இன்று விதியை மாற்றினோம். இருவரும் ஒரு அணி. மற்றப் பத்துக் கார்களையும் கணினி ஓட்டுகிறது. கப் முடிந்ததும் இருவரின் புள்ளிகளையும் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் கொப்பியில் எழுதுவோம். முந்தைய கூட்டுத்தொகையைத் தாண்டினால் வெற்றி.

முதல் முயற்சி மஷ்ரூம் கப்பில், 100 சிசி வேகத்தில். மூத்தவள் 1, 1, 2, 1 என வந்து 57 எடுத்தாள். இளையவன் 8, 6, 9, 7 என வந்து 22 எடுத்தான். மொத்தம் 79. அடுத்த கப்பில் இதைத் தாண்ட வேண்டும் என்றபோது மூத்தவள் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். நான்கு ஓட்டத்திலும் முதலாவதாக வந்தாலும் அவளால் பெறக்கூடியது 60. அதாவது அவள் பக்கத்திலிருந்து இன்னும் 3 புள்ளிதான் கூட முடியும். மீதி முழுவதும் தம்பியிடம்தான் இருக்கிறது.

இதற்குப்பின் நடந்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓர் ஓட்டத்தில் அவள் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்து, தம்பிக்கு முன்னால் ஓடிய கணினிக் கார்களைப் பச்சை ஓடுகளால் அடித்தாள். அவள் முதலாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்கினால் 3 புள்ளி போகும்; அவன் எட்டாமிடத்திலிருந்து நான்காமிடத்துக்கு ஏறினால் 4 புள்ளி வரும் என்று அவளே கணக்கிட்டிருக்கிறாள். சறுக்கித் திரும்புவதற்கு SR பொத்தானை எப்போது விடவேண்டும் என்று அவனுக்குக் காட்டினாள். அந்தக் கப்பில் அவள் 1, 2, 1, 1. அவன் 5, 4, 6, 4. 57 உம் 33 உம் சேர்ந்து 90.

தம்பியின் நீல ஓடும் இப்போது வேறு விதமாகப் பயன்படுகிறது. அக்கா முதலிடத்தில் இருக்கும்போது அதை எறிந்தால் நம் அணிக்குத்தான் நட்டம். கணினிக் கார் முதலிடத்துக்கு வரும்வரை அவன் அதைக் கையில் வைத்திருக்கிறான்.

16 பெப்ரவரி, ஞாயிறு

கூட்டுப் புள்ளியின் கெட்ட பக்கம் இன்றே தெரிந்தது. மொத்தம் 84க்கு இறங்கியபோது “உன்னாலதான் குறைஞ்சது” என்று மூத்தவள் சத்தம் போட்டாள். தனித்தனி இடங்களை ஓட்டம் முடிந்ததும் திரையே காட்டிவிடுகிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் இலக்கு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்று நாம் வைத்திருந்ததே அழுத்தத்தைக் கூட்டியது. இனி இலக்கு 80 என்று நிலையாக இருக்கும். இரண்டு கப்கள் தொடர்ந்து அதைத் தாண்டினால் மட்டும் 5 கூடும். தவறவிட்டால் இறங்காது, ஏறவும் மாட்டாது.

23 பெப்ரவரி, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து மச்சாளின் மகன் வந்திருந்தான். மூன்று பிள்ளைகள், இரண்டு ஜோய்-கொன்கள். “தோற்றவர் எழும்பட்டும்” என்று மூத்தவள் முன்மொழிந்ததை நான் ஏற்கவில்லை. பழைய விதியே வேறு வடிவில் வருகிறது, அதில் நாள் முழுவதும் எழும்பி நிற்கப்போவது இளையவன். நிலையான சுழற்சி வைத்தோம்: ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒருவர் விளையாடாமல் இருப்பார், அடுத்த ஓட்டத்தில் அடுத்தவர்.

நான்கு ஓட்டங்களை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆகவே கப் முறையான கிராண்ட் பிரீயை விட்டு, ஓட்டங்களின் எண்ணிக்கையை நாமே தெரிவு செய்யக்கூடிய VS ஓட்டத்துக்குப் போய் 6 என்று வைத்தோம். ஒவ்வொருவரும் நான்கு ஓட்டம் ஓடி, இரண்டில் விளையாடாமல் இருந்தார்கள். புள்ளி கொன்றோலருக்குச் சேர்கிறதே தவிர அதைப் பிடித்த கைக்கு அல்ல. கூட்டுத்தொகைதான் எழுதப்படுவதால் யார் எந்த ஓட்டத்தில் ஓடினார் என்ற கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒன்றைக் குறிக்க வேண்டும். மச்சாளின் மகனும் மூத்தவளும் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்கள். அவர்கள் இருவருக்கும் சேர்ந்து ஓடுவதில் ருசி இல்லை, மோதிப் பார்க்கத்தான் ஆசை. அது நியாயமான ஆசை என்றே நினைக்கிறேன். கடைசியில் அவர்கள் இருவருக்கும் மட்டும் பொருட்களே இல்லாத ஒரு VS ஓட்டம் வைத்தேன். நீல ஓடு இல்லாததால் தோற்றவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கூட்டுப் புள்ளி திறமை இடைவெளி பெரிதாக உள்ள இடத்துக்கே பொருந்தும்.

2 மார்ச், ஞாயிறு

நேரத்தை நிமிடத்தில் சொல்வதை நிறுத்திவிட்டோம். ஒரு கப் ஏறக்குறைய 10 முதல் 12 நிமிடம் எடுக்கும். பாடசாலை நாட்களில் இரண்டு கப், வார இறுதியில் மூன்று. நிமிடக் கணக்கில் நிறுத்தும்போது மூன்றாவது சுற்றின் நடுவில் நிறுத்தவேண்டி வருகிறது, அந்த அழுகை திரைநேரத்தால் வருவதல்ல, முடியாத ஓட்டத்தால் வருவது. செயலியில் நேரம் முடிந்ததும் விளையாட்டை இடைநிறுத்தும் தெரிவு இருக்கிறது. அதை அணைத்து, அறிவிப்பை மட்டும் வைத்திருக்கிறேன். அறிவிப்பு வந்தால் “ஓடுற கப்பை முடிச்சிட்டு நிறுத்துங்கோ” என்பதே சொல். அடுத்த கப்பைத் தொடங்கினால் மறுநாள் ஒரு கப் குறையும். அது இருவருக்கும் சேர்த்தே குறையும்.

இளையவனின் ஸ்மார்ட் ஸ்டீயரிங்கை இன்று ஓர் ஓட்டத்துக்கு அணைத்துப் பார்த்தோம். மாரியோ கார்ட் ஸ்டேடியத்தில், விழுந்தவரைத் தூக்கி விடும் லகிட்டு அவனை ஒரே ஒருமுறைதான் தூக்கி விட்டது. துவொம்ப் ரூயின்ஸ் போன்ற பாதைகளில் இன்னும் அவனுக்கு அது வேண்டும். எனவே மஷ்ரூம் கப்பின் முதல் மூன்று பாதைகளிலும் உதவி இல்லாமல் ஓடிப் பார்த்து, ஓர் ஓட்டத்தில் இரண்டு முறைக்கு மேல் விழாவிட்டால் அதை முழுதாக அணைப்பது என்று அக்காவும் தம்பியும் தாங்களே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அணைக்கும் வாரத்தில் புள்ளி நிச்சயம் குறையும். அதனால் இலக்கை 70க்கு இறக்கி, கொப்பியின் புதிய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.