கடைசி வரிக்குப் போட்ட சுழி

எட்டு மார்க் கேள்வி. கொடுத்த உள்ளீட்டுக்கு ஒரு புரோகிராம் நிற்குமா, முடிவில்லாமல் ஓடுமா என்ற நிற்றல் சிக்கலுக்குப் பதில் சொல்லும் ஆரக்கிள் கையில் இருந்தால், ஒரு புரோகிராம் எல்லா உள்ளீட்டுக்கும் நிற்குமா என்று தீர்மானிக்க முடியுமா? பையன் ‘முடியும்’ என்று எழுதி, கீழே இதை வைத்திருந்தான். H என்பது ஆரக்கிள், 0 என்றால் ‘நிற்காது’ என்ற பதில்:

```
for n in 0, 1, 2, ... :
    if H(P, n) == 0: return "இல்லை"
return "ஆம்"
```

கடைசி வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘இங்கே வரவே வராது’ என்று எழுதிச் சுழி போட்டேன்.

ஆரக்கிள் என்றால் டேட்டாபேஸ் ஞாபகம் வருகிற வகுப்பு. அதனால் குறி சொல்பவரை வைத்துத்தான் நடத்தியிருந்தேன். கேட்டால் உடனே பதில் வரும், எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. இந்த ஆரக்கிளை முதலில் கற்பனை செய்த டூரிங்கும் 1939 கட்டுரையில் ‘அது இயந்திரமாக இருக்க முடியாது’ என்பதற்கு மேல் விளக்கவில்லை. “இது இருந்தா நிக்குமா நிக்காதாங்கிற பிரச்சினையே தீர்ந்துரும்” என்று போர்டு முன்னால் சொன்னவன் நானேதான். பையன் அதை நம்பியிருக்கிறான்.

விடைத்தாள் கொடுத்த அன்று வந்து நின்றான்.

“சார், இந்த வழியில வராதுன்னு புரியுது. வேற மாதிரி எழுதினா வருமா?”

“வராதுப்பா. முடிவில்லாம கேக்கணுமில்ல?”

“சரிங்க சார்.”

அவன் போன பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது காரணமே இல்லை. இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல்தானா என்பது கோல்ட்பாக் கேள்வி. அங்கேயும் எண்களுக்கு முடிவில்லை. ஆனால் விதிவிலக்கைத் தேடி, கிடைத்தால் நிற்கிற புரோகிராம் ஒன்றை எழுதி ஆரக்கிளிடம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அவன் புரோகிராம் முடியாதது உண்மை. எந்தப் புரோகிராமாலும் முடியாது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சொல்லியிருக்க வேண்டியது இது. ஆரக்கிளின் ‘ஆம்’ நாமே சரிபார்க்கக்கூடியது. புரோகிராமை ஓட்டினால் இத்தனையாவது அடியில் நின்றது என்று காட்டிவிடலாம். ‘இல்லை’யை அப்படிச் சரிபார்க்க வழியில்லை, பொய்யாக இருந்தால் மட்டும் என்றாவது மாட்டும்.

இப்போது ஆரக்கிளோடு ஓடும் M என்ற இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம், உள்ளீடு x. அது நிற்குமானால் அந்த ஓட்டத்தை ஒரு தாளில் எழுதிவிடலாம்: கேட்ட கேள்விகள், வந்த பதில்கள், ஒவ்வொரு ‘ஆம்’முக்கும் அடிகளின் எண்ணிக்கை. இப்படிப்பட்ட தாள்களுக்கெல்லாம் எண் கொடுத்து, Q என்ற சாதாரணப் புரோகிராம் ஒன்றை எழுதலாம். அது c என்ற எண்ணுள்ள தாளை வாங்கும். தாளில் பிசகு தெரிந்தால் உடனே நின்றுவிடும். தெரியாவிட்டால், ‘இல்லை’ என்று குறித்த புரோகிராம்களை மாற்றி மாற்றி ஓட்டும்; அதில் ஒன்று நின்றாலும் தாள் பொய், Q-வும் நின்றுவிடும். உண்மையான தாள் வந்தால் மட்டும் நிற்காது.

ஆக, M நிற்காவிட்டால்தான் Q எல்லாத் தாளுக்கும் நிற்கும். Q-வுக்குள் ஆரக்கிளே கிடையாது. பையன் தேடிய வழி இருந்திருந்தால், ஆரக்கிள் இயந்திரங்கள் நிற்குமா என்பதை ஆரக்கிள் இயந்திரமே தீர்மானித்துவிடும். சாதாரண இயந்திரத்தால் நிற்றல் சிக்கல் தீராது என்று காட்டும் தலைகீழ் வேலை (தன்னைப் பற்றி ‘நிற்கும்’ என்றால் சுற்று, ‘நிற்காது’ என்றால் நில்) ஆரக்கிள் இருந்தாலும் ஒரு எழுத்து மாறாமல் செல்லும். அதனால் அது நடக்காது.

அந்த இயந்திரங்களுக்கென்று இரண்டாம் ஆரக்கிள் வைத்தால் இவன் கேள்வி தீரும். ‘முடிவில்லாத அளவு உள்ளீடுகளுக்கு நிற்குமா’ என்பதும் அதே மட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. ‘எண்ணிக்கைக்குள் அடங்கும் சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் நிற்குமா’ என்பதற்கு மூன்றாவது தேவை. கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவோடு ஊர் வந்துவிடும். இங்கே வளைவின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

சுழிக்கு வருகிறேன். அவன் முதல் இரண்டு வரி சரி. P எங்காவது நிற்காமல் போனால் அது கட்டாயம் கண்டுபிடித்து ‘இல்லை’ என்று சொல்லும். ஒரு பக்கம் மட்டும் ஆரக்கிளால் எட்டுகிறது என்பதே அந்தச் சிக்கலைப் பற்றிய பாதிச் செய்தி. நாலு மார்க் போட்டிருக்கலாம். ஆனால் கேள்வி ‘தீர்மானிக்க’ என்றுதான் இருந்தது, அவன் எழுதியது ‘முடியும்’. ‘முடியும்’ என்ற தவறான விடைக்கு மார்க் போட்டால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது? இந்த வாதம் இன்னும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, சுழி வரைக்கும். அவன் இரண்டாவதாகக் கேட்டதற்கு நான் சொன்ன ‘வராது’ம் சரிபார்க்க வழியில்லாத ‘இல்லை’தான், ஆனால் நான் ஆரக்கிள் இல்லை.

இந்த வருடம் அதே மூன்று வரியை நானே அச்சிட்டு, எந்த வரி வரை நம்பலாம், ஏன் என்று கேட்டிருக்கிறேன். முதல் கட்டு விடைத்தாளில் பாதிப் பேர் ‘முடிவில்லாமல் சுற்றும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சிவப்புப் பேனாவை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.